அர்ஜென்ட் மெயிலும் இரண்டு மணி கட்-ஆஃபும்

"திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் ஷிப்பிங் டாகுமெண்டேஷன் பார்க்கிறேன். அர்ஜென்ட் என்று போட்டு அனுப்பினாலும், எங்கள் சரக்குக்குக் கப்பலில் இடம் புக் செய்து அனுப்பித் தரும் ஃபார்வர்டர் ஆபீசில் உடனே யாரும் பார்ப்பதில்லை. போன வாரம் கப்பல் கம்பெனிக்குக் கொடுக்கும் எஸ்ஐ விவரத்தில் ஒரு திருத்தம், அதை வாங்கிக்கொள்ளும் கடைசி நேரமான கட்-ஆஃபுக்குள் போகவில்லை. முதலாளியோ எல்லா மெயிலிலும் அர்ஜென்ட் போடு என்கிறார். உண்மையிலேயே அவசரமான மெயிலைக் கவனிக்க வைப்பது எப்படி?"

நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் உங்களைப் போலத் திருப்பூரில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருடம், பிறகு தூத்துக்குடியில் ஒரு ஃபார்வர்டர் ஆபீசில் ஏழு வருடம். நீங்கள் அனுப்பும் மெயில் அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பிரச்சனை அங்கேதான் இருக்கிறது.

காலையில் ஒன்பதரைக்குப் பொது மெயில் பெட்டியைத் திறந்தால் நூறு மெயிலுக்கு மேல் கிடக்கும். நாலு பேர் சேர்ந்து பார்க்கிற பெட்டி. அதில் பாதிக்கு மேல் சப்ஜெக்டில் அர்ஜென்ட், வெரி அர்ஜென்ட், மோஸ்ட் அர்ஜென்ட் என்றுதான் இருக்கும். சிலர் ஆச்சரியக்குறி மூன்று சேர்த்துப் போடுவார்கள். இதில் எதை முதலில் திறப்போம் தெரியுமா? அந்த வார்த்தையைப் பார்த்து எதையும் இல்லை. சுவரில் இன்றைக்கு எந்தக் கப்பலுக்கு எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருப்போம், அந்தக் கப்பல் பெயரோ புக்கிங் நம்பரோ எந்த மெயிலில் கண்ணில் படுகிறதோ அதைத் திறப்போம். அர்ஜென்ட் என்று மட்டும் இருந்து புக்கிங் நம்பர் இல்லாத மெயில் என்றால், உள்ளே போய் மூன்று இணைப்பைத் திறந்து எந்தக் கன்டெய்னர், எந்தக் கப்பல் என்று நாமே தேட வேண்டும். அதை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைப்போம். அதாவது அர்ஜென்ட் போட்டதால் சீக்கிரம் பார்க்கப்படவில்லை என்பதோடு முடியவில்லை, சில மெயில்கள் கடைசிக்கே போயின. இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த ஆபீசில் இருந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

எஸ்டிடி வருவதற்கு முன்பு வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. அர்ஜென்ட் காலுக்குச் சாதாரணக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு, லைட்னிங் காலுக்கு அதற்கும் மேலே பல மடங்கு. என் அப்பா நூல் வியாபாரம் செய்தவர்; அர்ஜென்ட் என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிப்பார், காசு போகுமே. ஆபரேட்டருக்கும் அது தெரியும், அதனால் அந்த வார்த்தைக்கு ஒரு வரிசை கிடைத்தது. மெயிலில் அதே வார்த்தை இலவசம். ஆறு எழுத்துத் தட்டினால் ஆயிற்று. இலவசமாக எல்லோரும் வரிசையின் முன்னால் போய் நிற்கலாம் என்றால் வரிசையே கிடையாது, உங்கள் பிரச்சனை மொத்தமும் இதுதான். அதற்கு மறுபடி ஒரு விலை வைக்க வேண்டும், அந்த விலையை நீங்களே உங்களுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். என்ன விலை என்று பிறகு வருகிறேன்.

முதலில் எது அர்ஜென்ட் என்பதைக் கறாராக வைத்துக்கொள்வோம். நான் பயன்படுத்தும் அளவுகோல் மிகவும் சாதாரணமானது. நீங்கள் அனுப்பும் ஆள் வழக்கமாக எவ்வளவு நேரத்தில் மெயிலுக்குப் பதில் தருவார்? ஃபார்வர்டர் ஆபீஸ் என்றால் பொதுவாக அரை நாள் என்று வையுங்கள். காரியம் முடிய வேண்டிய நேரம் அந்த அரை நாளுக்கு அப்பால் இருந்தால், உங்களுக்கு எவ்வளவு பதற்றமாக இருந்தாலும் அது அர்ஜென்ட் இல்லை. அவர் வழக்கம்போல வேலை செய்தாலே முடிந்துவிடும். அந்த நேரத்துக்கு உள்ளே இருந்தால், தவறினால் திருப்பிச் சரிசெய்ய முடியாத அல்லது காசு கொடுத்தால்தான் சரிசெய்ய முடிகிற ஒன்றா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் அர்ஜென்ட்.

இதிலிருந்து இன்னொன்றும் வரும், அதைப் பலரும் யோசிப்பதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய காரியத்துக்கு மெயில் உதவாது. அவர் சாப்பிடப் போயிருக்கலாம், கஸ்டம்ஸில் நின்றுகொண்டிருக்கலாம். அதற்குப் போன்தான். ஆகவே அர்ஜென்ட் என்ற வார்த்தைக்கு உரிய இடம் மிகச் சிறியது: ஒரு மணி நேரத்துக்கு மேல், அரை நாளுக்குள். அந்த இடுக்கில் விழும் மெயில்கள் ஒரு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், எண்ணிப் பாருங்கள்.

ஒரு வாரத்தை எடுத்து நடத்திக் காட்டுகிறேன். வெள்ளிக்கிழமை தூத்துக்குடியில் இருந்து புறப்படும் கப்பல், கன்டெய்னர் பெட்டி கொழும்பில் கப்பல் மாறி ஹாம்பர்க் போகிறது, நாற்பது அடி, உள்ளே டி-ஷர்ட். எஸ்ஐ கட்-ஆஃப் புதன் மதியம் இரண்டு மணி. எஸ்ஐ என்பது, சரக்கை ஏற்றிக்கொண்டதற்குக் கிடைக்கும் லாடிங் பில்லில் என்னென்ன அச்சாக வேண்டும் என்று கப்பல் கம்பெனிக்குக் கொடுக்கும் விவரம், மற்ற துறையில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். விஜிஎம், அதாவது பெட்டியின் சரிபார்த்த மொத்த எடை, வியாழன் காலை பத்து மணிக்குள் போக வேண்டும். துறைமுக கேட் வியாழன் மாலை ஆறு மணிக்கு மூடும். கப்பலுக்குக் கப்பல் இது மாறும், ஆனால் அடுக்கு பெரும்பாலும் இப்படித்தான்.

திங்கள்கிழமை உங்கள் மெர்ச்சண்டைசர் வந்து, அடுத்த மாத ஆர்டருக்கு ரேட் வாங்கித் தாருங்கள், பையர் கேட்கிறார் என்கிறார். பையர் கேட்கிறார் என்றாலே நம் ஊரில் கை தானாக அர்ஜென்ட் தட்டும். ஆனால் அதற்குக் கடிகாரமே கிடையாது, நாளை வந்தாலும் போதும். "செவ்வாய் மாலைக்குள் ரேட் தேவை" என்று சப்ஜெக்டில் போடுங்கள், முடிந்தது. செவ்வாய்க்கிழமை எஸ்ஐ அனுப்புகிறீர்கள், கட்-ஆஃபுக்கு இன்னும் ஒரு முழு நாள் இருக்கிறது, இதற்கும் அந்த வார்த்தை தேவையில்லை. கட்-ஆஃப் நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

புதன் காலை பதினொன்று பத்துக்கு ஜெர்மனியில் இருந்து மெயில் வருகிறது, சரக்கைப் பெறும் கன்சைனியின் முகவரி மாறிவிட்டது, கிடங்கு வேறு. அவர்கள் ஊரில் கோடைக் கணக்கில் நம்மைவிட மூன்றரை மணி பின்னால், அதாவது காலை ஏழு நாற்பது. அந்த ஆள் ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாக அனுப்பியிருக்கிறார். உங்களுக்கு இரண்டு மணிக்குக் கட்-ஆஃப். இருப்பது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஃபார்வர்டர் வழக்கம்போலப் பார்த்தால் மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ பார்ப்பார். தவறினால் பழைய முகவரி கப்பலின் சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்டுக்குப் போய்விடும், அப்புறம் திருத்தக் கட்டணம். அதோடு ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலில் பெட்டி ஏறுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே சரக்கு விவரம் அந்த ஊர் சுங்கத்துக்குப் போயிருக்க வேண்டும் என்பதால், கப்பல் கம்பெனி இந்த நேரத்தை நமக்காக நீட்டுவது அபூர்வம். இதுதான் அர்ஜென்ட். அந்த வாரத்தில் இது ஒன்றுதான்.

வியாழன் காலை எட்டு மணிக்கு எடைச் சீட்டு இன்னும் ஃபேக்டரியில் இருந்து வரவில்லை, பத்து மணிக்கு விஜிஎம் மூடுகிறது. 2016 ஜூலை முதல் தேதியில் இருந்து சரிபார்த்த எடை இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலகம் முழுக்க விதி, இதில் கெஞ்ச இடமில்லை. ஆனால் யார் சீட்டைத் தர வேண்டும்? உங்கள் சூப்பர்வைசர். அவர் மெயில் பார்க்கிறவரா? இல்லை. போன் போடுங்கள், சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், பிறகு ஃபார்வர்டருக்கு மெயில். பலர் இந்த இடத்தில் ஃபார்வர்டருக்கு அர்ஜென்ட் மெயில் போடுவார்கள், அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லாதபோது. நான் அந்தப் பக்கம் இருந்தபோது இந்த வகை மெயில்தான் எரிச்சல். "எடை வந்துகொண்டிருக்கிறது, அர்ஜென்ட்." சரி, வரட்டும், அதற்கு நான் என்ன செய்ய?

அதே நாள் மாலை நாலரைக்கு லாரி எட்டயபுரம் பக்கத்தில் பஞ்சராகி நிற்கிறது, ஆறு மணிக்கு கேட் மூடும் என்றால் மெயிலைத் திறக்கவே திறக்காதீர்கள். நேராகப் போன். கேட்டைக் கொஞ்சம் தள்ளி மூட கப்பல் கம்பெனியிடம் கேட்க முடியுமா என்று ஃபார்வர்டர் பேசிப் பார்ப்பார். பேசி முடித்த பிறகு, என்ன பேசினோம் என்று இரண்டு வரி மெயில், பதிவுக்காக. அந்த மெயிலில் அர்ஜென்ட் போட்டுப் பயனில்லை, வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

கப்பல் போன பிறகு ஒரிஜினல் லாடிங் பில்லுக்காக அனுப்பும் மெயில் எல்லாம் அர்ஜென்ட் என்றே போகும். பையரின் பேங்க் பணத்துக்குப் பொறுப்பேற்கும் எல்சி ஷிப்மெண்ட் என்றால், எல்சியில் வேறு கெடு இல்லாதபோது எல்சிக்கான பன்னாட்டு விதியான யுசிபி 600 படி கப்பலேற்றிய தேதியில் இருந்து 21 நாளுக்குள், எல்சி காலாவதி ஆவதற்கும் முன்பு, காகிதங்களை பேங்கில் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாள் அர்ஜென்ட், ஐந்தாம் நாள் அர்ஜென்ட், எட்டாம் நாள் வெரி அர்ஜென்ட் என்று போய்க்கொண்டிருந்தால், பதினெட்டாம் நாளும் பில் வரவில்லை என்னும்போது உங்களிடம் வார்த்தை தீர்ந்துபோயிருக்கும். இரண்டாம் நாள் "எல்சி கடைசி தேதி இது, இந்தத் தேதிக்குள் பில் என் கையில் வேண்டும்" என்று தேதியோடு ஒரே மெயில். பதினைந்தாம் நாள் நினைவூட்டல். அதன் பிறகுதான் மற்றதெல்லாம். காசு சீக்கிரம் வர வேண்டும் என்று உங்களுக்கு இருக்கும் அவசரம் நியாயம்தான், அதையும் தேதியாகச் சொல்லுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள்.

இப்போது அந்தப் புதன்கிழமை மெயிலை எப்படி எழுதுவது என்று பார்ப்போம். போன வாரம் நீங்கள் அனுப்பியது அநேகமாக இப்படி இருந்திருக்கும்:

```
Re: Re: Fwd: Re: URGENT!!! Shipment details
```

இதைப் போனில் பார்க்கிறவருக்கு முதல் முப்பது, நாற்பது எழுத்துதான் தெரியும், அதில் பாதியை Re: சாப்பிட்டுவிட்டது. எந்தப் பெட்டி, என்ன வேலை, எத்தனை மணிக்குள் என்ற மூன்றுமே இல்லை. இதற்குப் பதில்:

```
URGENT by 14:00: SI fix, Bkg 4471
```

நேரம் முன்னால், செய்ய வேண்டியது அடுத்து, புக்கிங் நம்பர் கடைசியில். நம்பரைச் சும்மா உதாரணத்துக்குச் சுருக்கிப் போட்டிருக்கிறேன். உண்மையான நம்பர் நீளமாக இருந்தாலும் முழுதாகப் போடுங்கள், அவர்கள் அதை ஒட்டித்தான் தேடுவார்கள். உள்ளே நாலு வரி போதும்:

```
Please change consignee address in SI, Bkg 4471, as below.
SI cut-off today 14:00 IST. After that it needs a paid amendment.
Nothing else changes.
I will call you at 11:20. If you are out, who can do this?
```

"வேறு எதுவும் மாறவில்லை" என்ற வரி சின்னதாகத் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கு அதுதான் வரம். அது இல்லையென்றால் பழைய எஸ்ஐயையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட வேண்டும், அதற்கு இருபது நிமிடம் ஆகும், அதனால் ஒத்திவைப்பார். புது முகவரியை மெயிலிலேயே தட்டி வையுங்கள், ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக அனுப்பினால் அவர் உட்கார்ந்து மறுபடி தட்டச்ச வேண்டும், அதில் ஒரு எழுத்து தவறினால் அதற்கு வேறு ஒரு மெயில்.

பையருக்கு எழுதும்போது நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் போடுங்கள். இன்றைக்குள் என்று எழுதினால் அவருடைய இன்று உங்களுடையது முடிந்த பிறகும் மூன்றரை மணி நேரம் ஓடும், குளிர்காலத்தில் நாலரை.

போன் செய்வதாக எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? நான் முன்னால் சொன்ன விலை அதுதான். அர்ஜென்ட் என்று அனுப்பினால் பத்து நிமிடத்துக்குள் நானே போன் செய்ய வேண்டும், "அண்ணா, 4471க்கு மெயில் போட்டிருக்கேன், ரெண்டு மணிக்குள்ள வேணும்" என்று. போன் செய்யக் கூச்சமாக இருக்கிறது, இதற்கெல்லாமா போன் போடுவது என்று தோன்றுகிறது என்றால், அந்த மெயில் அர்ஜென்ட் இல்லை. வார்த்தையை எடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. நான் திருப்பூரில் இருந்த கடைசி இரண்டு வருடம் இப்படித்தான் செய்தேன், கொஞ்ச நாளில் ஃபார்வர்டர் ஆபீசில் என் பெயரோடு அர்ஜென்ட் வந்தால் பின்னாலேயே போன் வரும் என்று பழகி, போன் வருவதற்கு முன்பே மெயிலைத் திறந்துவிடுவார்கள். போனைத் தவிர்ப்பதற்காகத்தான் என்று பிறகு அங்கே வேலைக்குப் போனபோது தெரிந்தது. பரவாயில்லை, வேலை நடந்ததே.

பழைய மெயிலுக்கே பதில் போட்டுக்கொண்டே போகும் பழக்கம் இன்னொரு தொல்லை. ஒருமுறை சப்ஜெக்டில் அர்ஜென்ட் ஏறிவிட்டால், அந்தக் காரியம் முடிந்த பிறகும் முப்பது பதிலில் அது உட்கார்ந்திருக்கும், "தேங்க்யூ சார்" என்ற பதில் உட்பட. என் மேசையில் ஒருநாள் அர்ஜென்ட் என்று இருந்த மெயிலைப் பதறித் திறந்தால் உள்ளே பொங்கல் வாழ்த்து, ஏதோ பழைய மெயிலில் ரிப்ளை ஆல் தட்டியிருக்கிறார். உண்மையான அவசரம் வந்தால் 27ஆவது பதிலாகப் போடாதீர்கள், புது மெயில் எழுதுங்கள். ஜிமெயிலில் பதில் போடும்போது சப்ஜெக்டை மாற்றினாலே அது தனி உரையாடலாகப் பிரிந்துவிடும். காரியம் முடிந்ததும் அந்த மெயிலை முடித்துவிடுங்கள், அடுத்த விஷயத்தை அதில் தொடங்காதீர்கள்.

சிசியில் பத்துப் பேரைப் போடுவதும் இதே கதைதான். அர்ஜென்ட் என்று நாலு பேருக்கு அனுப்பினால், மற்ற மூவரில் யாராவது பார்ப்பார்கள் என்று நாலு பேருமே நினைப்பார்கள், நானும் நினைத்திருக்கிறேன். டு-வில் ஒரே ஒரு ஆள், அவர் இல்லாவிட்டால் செய்யக்கூடிய ஒரு ஆள் சிசியில். முதலாளியைச் சிசியில் போட்டு மிரட்டுவது முதல் இரண்டு முறை வேலை செய்யும், மூன்றாம் முறை அவர் பெயரும் வெறும் அலங்காரமாகிவிடும்.

அவுட்லுக்கில் இருக்கும் சிவப்பு ஆச்சரியக்குறியை நம்பலாமா என்றால், பாதிதான். அது மெயிலோடு ஒரு குறிப்பு வரியாகப் போகிறது:

```
Importance: High
```

எதிரில் இருப்பவரும் அவுட்லுக் வைத்திருந்தால் சிவப்பாகத் தெரியும். ஜிமெயிலில் பார்க்கிறவருக்கு நீங்கள் போட்ட குறி தெரியாது. அங்கே வரும் மஞ்சள் அடையாளம் அவர் யாருடைய மெயிலை அடிக்கடி திறக்கிறார், யாருக்குப் பதில் போடுகிறார் என்பதையெல்லாம் பார்த்து ஜிமெயில் தானாகப் போடுவது. ஆகவே நீங்கள் சிவப்புக் குறியை மட்டும் போட்டுவிட்டுச் சொல்லியாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். நேரம் சப்ஜெக்டில் இருந்தாக வேண்டும்.

பணம் சம்பந்தமான மெயிலில் மட்டும் இந்த வார்த்தையை அடியோடு விட்டுவிடச் சொல்வேன். வங்கிக் கணக்கு மாறிவிட்டது, அவசரமாகப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று மோசடிக்காரர்கள் ஏற்றுமதியாளர் பெயரில் பையருக்கு மெயில் அனுப்புவது வெகுநாளாக நடக்கிறது, அதனால் பையரின் கணக்குப் பிரிவில் அவசரம் என்று வரும் பண மெயிலைச் சந்தேகப்படவே பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் உண்மையாகவே அவசரத்தில் அனுப்பினாலும் அது சரிபார்ப்புக்குப் போய் இன்னும் தாமதமாகும். இன்வாய்ஸ் நம்பர், தொகை, தேதி. அவ்வளவு போதும்.

சரி, முதலாளி. இதுதான் கஷ்டமான பகுதி என்று எனக்குத் தெரியும். பின்னால் நின்றுகொண்டு "அர்ஜென்ட்னு போட்டு அனுப்புப்பா" என்று சொல்பவரிடம் இந்தத் தத்துவமெல்லாம் பேச முடியாது. அவருக்குத் தேவை மெயில் கவனிக்கப்பட வேண்டும் என்பது, அந்த வார்த்தை இல்லை. நான் செய்தது இது: ஜிமெயிலில் என் அனுப்பிய பெட்டியில் இப்படித் தேடினேன்.

```
in:sent subject:urgent newer_than:30d
```

அவுட்லுக் என்றால் அனுப்பிய பெட்டிக்குள் போய் `subject:urgent` என்று மட்டும் தேடினால் போதும். வந்ததில் மற்றவர் தொடங்கிய பழைய உரையாடல்களைத் தள்ளிவிட்டு, நான் போட்டவற்றை ஒரு தாளில் எழுதினேன். அனுப்பிய நேரம், பதில் வந்த நேரம், உண்மையான கடைசி நேரம் என்று மூன்று கட்டம். அர்ஜென்ட் போட்டதற்கும் போடாததற்கும் பதில் வந்த நேரத்தில் வித்தியாசமே இல்லை, மூன்றாவது கட்டத்தில் முக்கால்வாசி காலியாக இருந்தது, ஏனென்றால் அவற்றுக்குக் கடைசி நேரம் என்று ஒன்றே கிடையாது. அந்தத் தாளை முதலாளி மேசையில் வைத்து, "சார், இந்த ஒரு மாசம் நேரத்தைப் போட்டு அனுப்பிப் பார்க்கிறேன், அர்ஜென்ட் போட்டால் போனும் நானே பண்ணிடறேன்" என்றேன். போன் பண்ணுகிறேன் என்றதும் அவருக்குத் திருப்தி. எண்ணிக்கையைக் காட்டாமல் வாயால் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஃபார்வர்டர் பக்கமும் ஒருமுறை பேசிவிடுங்கள். சாதாரண மெயிலுக்கு எத்தனை மணி நேரத்தில் பதில், கட்-ஆஃப் முன்னால் நகர்ந்தால் யார் யாருக்கு எப்படிச் சொல்வது, மதிய நேரத்தில் யார் இருப்பார்கள், இந்த மூன்றும் தெரிந்தால் போதும். கட்-ஆஃப் முன்னால் நகர்வதுதான் நான் பட்ட பெரிய அடி. ஒரு கப்பல் சீக்கிரம் வந்ததால் கேட் ஆறு மணிக்குப் பதில் மதியம் ஒரு மணிக்கு மூடுகிறது என்று எங்களுக்கு மெயில் வந்திருந்தது, சப்ஜெக்டில் அர்ஜென்ட் என்றும் இருந்தது. ஆனால் அந்த ஆபீசில் இருந்து டிராஃப்ட் பில், இன்வாய்ஸ், விடுமுறை அறிவிப்பு என எல்லாமே அர்ஜென்ட் என்றுதான் வரும், நாங்கள் அதைச் சாயங்காலம் திறந்து பார்த்தோம். பெட்டி அடுத்த வாரக் கப்பலுக்குத் தள்ளிப்போனது, பையர் பாதிச் சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொன்னார். அந்த மெயில் "கேட் 13:00க்கு மூடுகிறது" என்று தொடங்கியிருந்தால் பத்து மணிக்கே லாரியைக் கிளப்பியிருப்போம், அப்போது அது தூத்துக்குடியில் லாரி பார்க்கிங்கில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தது.

கத்தினால்தான் நகர்வேன் என்று இருக்கும் ஆபீஸ்களும் உண்டு. அங்கே வார்த்தையைக் குறைத்தால் முதல் சில வாரம் உங்களுக்குப் பதிலே தாமதமாக வரலாம், அதற்குத் தயாராக இருங்கள். அந்த வாரங்களில் பெரிய கட்-ஆஃப் இருக்கும் நாளில் போனை ஒரு மணி நேரம் முன்கூட்டியே போடுங்கள். ஒப்புக்கொண்ட நேரத்தில் தொடர்ந்து பதில் வரவில்லை என்றால், எந்தெந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் ஆனது என்று அந்தத் தாளையே அவர்கள் மேனேஜருக்கு அனுப்புங்கள், சப்ஜெக்டில் மாதத்தின் பெயரை மட்டும் போட்டு.